ஒரே முகவரியில் இரண்டு தலைவர்கள்: ஸ்டாக் பிரிந்தால் எந்தக் கண்டறிதல் முறை கைகொடுக்கும்?

மே மாதம். ஏற்காட்டில் கோடை விழா நடந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை, மலை மேல் இருக்கும் ஒரு தங்கும் விடுதியிலிருந்து அழைப்பு வந்தது. வரவேற்பறைக் கணினியில் இணையம் வருகிறது, உணவகத்தில் பில் போடும் கணினிக்கு வரவில்லை என்றார் மேலாளர். ஒரே அறையில் கணவருடைய தொலைபேசியில் வருகிறதாம், மனைவியுடையதில் வரவில்லையாம்.

நான் சேலத்தில் அஸ்தம்பட்டியில் இருந்தேன். விபிஎன் வழியாக உள்ளே போய், விருந்தினர் வலையமைப்பின் நுழைவாயில் முகவரியான 10.20.10.1-ஐ பிங் செய்தேன். ஒரு பாக்கெட்கூடத் தவறாமல் பதில் வந்தது. "வலையமைப்பு நன்றாகத்தான் இருக்கிறது, வைஃபை கருவிகளை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அன்று நான் செய்த பெரிய தவறு அதுதான். 10.20.10.1 என்ற முகவரியில் அப்போது இரண்டு சுவிட்சுகள் உட்கார்ந்திருந்தன. எனக்குப் பதில் சொன்னது அவற்றில் ஒன்று மட்டுமே.

முக்கால் மணி நேரம் கழித்து, புகார் குறையாததால், மைய சுவிட்சுக்குள் நுழைந்து `display irf` என்று கேட்டேன். மூன்று உறுப்பினர்கள் வரவேண்டிய பட்டியலில் ஒன்றாம் எண் மட்டும் தனியாக நின்றது. வண்டியை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே போனபோது, புதிய கட்டடத்துக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த ஜேசிபி, பள்ளத்தின் ஓரத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பின் அங்கே என்ன செய்வது என்று முடிவெடுக்க நான்கைந்து வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு முதலில், உண்மையில் என்ன நடந்தது என்பது விளங்க வேண்டும்.

இடத்தின் அமைப்பு

பழைய கட்டடத்தில் ஒன்றாம் சுவிட்ச். ஃபயர்வாலும் இணைய இணைப்பும் அங்கேதான். சரிவில் 180 மீட்டர் மேலே புதிய கட்டடத்தில் இரண்டாம், மூன்றாம் சுவிட்சுகள். மூன்றும் சேர்ந்து, ஒரு தலைவனின் கீழ் ஒரே சுவிட்சாக இயங்கும் ஸ்டாக். சாதாரண 10 ஜி ஃபைபர் போர்ட்டுகளையே ஸ்டாக் இணைப்பாகப் பயன்படுத்தும் ஐஆர்எஃப் வகை என்பதால், இரண்டு கட்டடங்களுக்கு இடையில் நீட்ட முடிந்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரு ஃபைபர், மூன்றிலிருந்து ஒன்றுக்குத் திரும்ப ஒரு ஃபைபர், மேலே இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஒரு சிறிய கேபிள். வட்டம் முழுமையாக இருந்தது. ஆனால் கட்டடங்களுக்கு இடையில் ஓடிய இரண்டு ஃபைபர்களும் ஒரே பள்ளத்தில், ஒரே குழாயில் கிடந்தன. வரைபடத்தில் வட்டம், மண்ணுக்குள் ஒற்றைக் கோடு. ஜேசிபியின் ஒரே வாரில் இரண்டும் போயின.

இதோடு நின்றிருந்தால் மேல்கட்டடம் மட்டும் துண்டிக்கப்பட்டிருக்கும், குழப்பம் வந்திருக்காது. குழப்பத்துக்கு வழி விட்டவை தோட்டத்துக்குள் இருக்கும் குடில்கள். ஐந்து குடில் தொகுதிகளிலும் ஒவ்வொரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு கம்பியைக் கீழ்க்கட்டடத்துக்கும் இன்னொன்றை மேல்கட்டடத்துக்கும் விட்டு, இரண்டையும் எல்ஏசிபி மூலம் ஒரே இணைப்பாகக் கட்டி வைத்திருந்தது. ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் இருக்கட்டும் என்று நானே போட்ட ஏற்பாடு.

ஸ்டாக் இரண்டாகப் பிரிந்ததும் கீழே ஒன்றாம் எண் தலைவனாகவே தொடர்ந்தது. மேலே இரண்டாம் எண் தானே தலைவனாக எழுந்தது. இரண்டு பாதிகளிடமும் இருந்தது ஒரே கான்ஃபிகரேஷன். அதே ஐபி முகவரிகள், அதே வீலேன்கள், அதே எல்ஏசிபி அடையாளம். குடில் சுவிட்சுகளுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. "எதிரே ஒரே பெரிய சுவிட்ச்தான் இருக்கிறது" என்று நம்பி, இரண்டு கம்பிகளிலும் பாதிப் பாதியாகப் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்தன. எந்தச் சாதனத்தின் பாக்கெட் எந்தக் கம்பியில் போகும் என்பது முகவரிகளை வைத்துப் போடப்படும் ஒரு கணக்கு. கணக்கில் கீழ்ப்பக்கம் விழுந்த தொலைபேசிக்கு இணையம் உண்டு. மேல்பக்கம் விழுந்ததற்கு இல்லை, ஏனென்றால் ஃபயர்வால் கீழே இருக்கிறது. கணவருக்கு வந்ததும் மனைவிக்கு வராததும் இதனால்தான்.

முகவரி எப்படி இரட்டிக்கிறது

இங்கே இரண்டு விதமான இரட்டிப்பு நடக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, நுழைவாயில் முகவரி. இரண்டு பாதிகளும் 10.20.10.1 என்று சொல்லிக்கொள்கின்றன. வினோதம் என்னவென்றால், தொடக்கத்தில் எந்தக் கணினியும் முகவரி மோதல் என்று எச்சரிக்காது. ஐபி மட்டுமல்ல, ஸ்டாக்கின் மேக் முகவரியும் இரண்டு பக்கமும் ஒன்றே. ஒரே ஐபிக்கு இரண்டு வெவ்வேறு மேக் முகவரிகள் தென்பட்டால்தானே மோதல் என்று தெரியும்? அந்த மாதிரி சுவிட்சில், முகவரிக்கு உரிய உறுப்பினர் விலகிப்போனாலும் ஆறு நிமிடம் பழைய மேக் முகவரியையே வைத்திருக்கும்படி அமைப்பு இருந்தது. ஆறு நிமிடம் கழிந்ததும் மேல்பாதி தன் சொந்த முகவரிக்கு மாறுகிறது. அதற்குப் பின்னரே பதிவேட்டில் மோதல் வரிகள் வரத் தொடங்கும். குடில் சுவிட்சுகளிலும் இரண்டில் ஒரு கம்பி கட்டிலிருந்து கழன்றுவிடும். இந்த நேரத்தை "எப்போதும்" என்று மாற்றி வைத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மோதல் எச்சரிக்கை கடைசிவரை வராமலே போகலாம்.

இரண்டாவது, விருந்தினர்களுக்குக் கொடுக்கப்படும் முகவரிகள். டிஎச்சிபி சேவையை நான் ஸ்டாக்கிலேயே ஓடவிட்டிருந்தேன். பிரிந்த நொடி வரை யாருக்கு எந்த முகவரி என்ற பட்டியல் இரண்டு பாதிகளுக்கும் பொதுவாக இருந்தது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு புதிய தொலைபேசிக்கும் இரண்டு பாதிகளும் தனித்தனியாக, அதே பட்டியலில் அடுத்துக் காலியாக இருந்த முகவரியைக் கொடுத்தன. மோதல் தற்செயலாக வரவில்லை. வந்தே தீரும் அமைப்பு அது. கொடுப்பதற்கு முன் அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று சேவை ஒரு பிங் அனுப்பிப் பார்க்கும்தான். ஆனால் அந்தப் பிங்குக்கான பதில் குடில் சுவிட்சின் கணக்கில் மறுபாதிக்குப் போய்விட்டால், "யாரும் இல்லை" என்றே முடிவாகிறது. சனிக்கிழமை மாலை, அறைக்கு அறை புதிய ஆட்கள் வந்து இறங்கும் நேரம் வேறு.

ஃபைபரை ஒட்டவைத்து ஸ்டாக் சேர்ந்த பின்னரும் இந்த இரண்டாவது இரட்டிப்பு போகவில்லை. ஒரே முகவரியை வாங்கிக்கொண்ட தொலைபேசிகள் தங்கள் குத்தகைக் காலம் முடியும் வரை அதை விடாது. வைஃபையை அணைத்துப் போடச் சொல்லி அறை அறையாகப் போக வேண்டியிருந்தது.

வழி ஒன்று: கேபிளை மட்டும் பலப்படுத்துவது

மேலாளருக்கு இதுதான் பிடித்தது. "கம்பி அறுந்ததால்தானே சார் வந்தது? இன்னொரு கம்பி போட்டுவிடலாமே" என்றார். தவறான பேச்சு இல்லை. இரண்டு ஃபைபர்களும் வேறு வேறு பாதையில் போனால், ஒரே பள்ளம் இரண்டையும் விழுங்காது. எல்லா சுவிட்சுகளையும் ஒரே ரேக்கில் அடுக்கி, பின்பக்கத்தில் அரை மீட்டர் கேபிளால் வட்டம் போட்டிருப்பவர்களுக்கு இந்த ஒன்றே பெரும்பாலும் போதும். சிஸ்கோவின் 3750, 3850 போன்ற பின்பக்க ஸ்டாக்வைஸ் வகைகளில், பிரிவைக் கண்டுபிடித்து ஒரு பாதியை ஒதுக்கும் தனி ஏற்பாடு கிடையாது. அங்கே வட்டத்தை முழுமையாக வைத்திருப்பது மட்டுமே பாதுகாப்பு.

இதன் பலவீனம், முதல் கேபிள் போவது யாருக்கும் தெரியாது என்பதுதான். வட்டத்தில் ஓர் இடம் அறுந்தால் ஸ்டாக் பிரியாது. அலைவரிசை பாதியாகிறது, அவ்வளவுதான். அறுந்தது அணிலாலா, எலியாலா, யாரோ காலில் இடறியதாலா என்பது தெரியாமலே மாதக்கணக்கில் ஓடும். பிறகு இரண்டாவது கேபிள் போகும் நாளில் பிரியும். அதனால் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் ஸ்டாக் போர்ட்டின் நிலையைக் கண்காணிப்பில் சேர்த்தே ஆகவேண்டும். ஸ்டாக்வைஸில் `show switch stack-ports summary`, ஐஆர்எஃப்பில் `display irf link`. அறுந்ததும் குறுஞ்செய்தி வர வேண்டும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது.

வழி இரண்டு: தனி இணைப்பில் பிஎஃப்டி

ஐஆர்எஃப் போன்ற ஸ்டாக்குகளில் பிரிவைக் கண்டறியும் ஏற்பாட்டுக்கு எம்ஏடி என்று பெயர். வேலை எளிமையானது. பிரிந்த இரண்டு பாதிகளும் ஏதோ ஒரு பக்கவழியில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டும். பார்த்ததும் தோற்ற பாதி தன் போர்ட்டுகளை எல்லாம் தானே மூடிக்கொண்டு ஒதுங்கும். எந்தப் பக்கவழி என்பதில்தான் வகைகள் வேறுபடுகின்றன.

பிஎஃப்டி என்பது இரண்டு முனைகள் ஒன்றுக்கொன்று சிறு செய்திகளை அனுப்பி, எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் முறை. இதில், கண்டறிவதற்கென்றே ஒரு தனிக் கம்பியும் தனி வீலேனும் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பினருக்கும் அந்த வீலேனில் தனி முகவரி உண்டு. இரண்டு உறுப்பினர்களுக்கு எழுதினால் இப்படி இருக்கும்:

```
vlan 3999
 port GigabitEthernet 1/0/48 GigabitEthernet 2/0/48
interface Vlan-interface 3999
 mad bfd enable
 mad ip address 192.168.255.1 24 member 1
 mad ip address 192.168.255.2 24 member 2
interface GigabitEthernet 1/0/48
 undo stp enable
interface GigabitEthernet 2/0/48
 undo stp enable
```

ஸ்டாக் ஒன்றாக இருக்கும்போது தலைவனின் முகவரி மட்டும் உயிரோடு இருக்கும். அதனால் பிஎஃப்டி உரையாடல் நடக்காது. பிரிந்து இரண்டு தலைவர்கள் வந்ததும் இரண்டு முகவரிகளும் உயிர்பெற்று, உரையாடல் தொடங்கிவிடும். அதுவே எச்சரிக்கை. அதாவது, `display bfd session` கேட்டால் Down என்று வருவதுதான் ஆரோக்கியம். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்துப் பயந்து ஏதாவது மாற்றிவிடுவார்கள். இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. அந்தத் தனிக் கம்பி அறுந்தாலும் நிலை Down-தான். நல்ல நிலையும் கெட்ட நிலையும் ஒரே மாதிரி தோன்றுவதால், அந்த 48-ஆம் போர்ட் எழுந்திருக்கிறதா என்பதைத் தனியாகக் கண்காணிக்க வேண்டும்.

இதன் பெரிய நன்மை, யார் பிழைப்பது என்பது முன்கூட்டியே தெரியும். எந்தப் பாதியின் தலைவனுக்குச் சிறிய உறுப்பினர் எண்ணோ, அந்தப் பாதி நிற்கும். ஃபயர்வால் இருக்கும் பக்கத்துக்கு ஒன்றாம் எண் கொடுத்துவிட்டால் கவலை இல்லை.

எங்களுக்கு இடித்தது கம்பிதான். 180 மீட்டருக்குச் சாதாரணத் தாமிரக் கேபிள் எட்டாது. அதன் எல்லை 100 மீட்டர். ஃபைபர்தான் போட வேண்டும். அதையும் அதே பள்ளத்தில் போட்டால் ஸ்டாக் ஃபைபர்களோடு சேர்ந்து அதுவும் அறுபடும். வேறு பள்ளம் தோண்டுவதென்றால், அந்தப் பள்ளத்தில் ஸ்டாக் ஃபைபரையே போட்டுவிடலாமே என்ற கேள்வி வரும். நடுவில் ஒரு குடில் சுவிட்சை வைத்து அதன் வழியாக இந்த வீலேனைக் கொண்டுபோகலாம், அது எந்தக் கம்பெனி சுவிட்சாகவும் இருக்கலாம். ஆனால் ஏற்கனவே எல்ஏசிபியில் கட்டிய கம்பிகளை இதற்குப் பகிர முடியாது. தனிப் போர்ட், தனிக் கம்பி வேண்டும்.

வழி மூன்று: ஏற்கனவே இருக்கும் எல்ஏசிபி கட்டில்

இங்கே கூடுதல் கம்பியே தேவையில்லை. குடில் சுவிட்சுக்குப் போகும் இரண்டு கம்பிகளிலும் எல்ஏசிபி செய்திகள் போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் கூடுதலாக ஒரு சிறு பகுதியைச் சேர்த்து, "என் டொமைன் எண் இது, என் தலைவன் இன்னார்" என்று எழுதி அனுப்புகிறது ஸ்டாக். நடுவில் இருக்கும் சுவிட்ச் ஒரு பக்கம் வந்ததை மறுபக்கத்துக்குக் கடத்துகிறது. ஒரே டொமைனுக்கு இரண்டு தலைவர்கள் என்று தெரிந்ததும் ஒரு பாதி ஒதுங்குகிறது.

```
interface Bridge-Aggregation 10
 link-aggregation mode dynamic
 mad enable
```

இந்த முறையை நான் விரும்புவதற்குக் காரணம், செலவு இல்லை என்பது மட்டுமல்ல. குழப்பம் எந்தப் பாதையில் பரவுகிறதோ அதே பாதையில் கண்டறிதலும் உட்கார்ந்திருக்கிறது. குடில்களிலிருந்து இரண்டு பக்கமும் கம்பி இருப்பதால்தான் இரட்டைத் தலைமை எங்களைப் பாதித்தது. அந்தக் கம்பிகள் இருக்கும்வரை கண்டறிதலும் இருக்கும். அவையும் அறுந்துபோனால் இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று எட்டாது. குழம்புவதற்கும் வழி இல்லை. தனிக் கம்பி முறையில் இந்தப் பொருத்தம் கிடையாது. அங்கே கண்டறியும் கம்பி முதலில் போய், குழப்பும் கம்பிகள் மிஞ்சலாம்.

நிபந்தனைகள் உண்டு. நடுவில் இருக்கும் சுவிட்ச் அந்தக் கூடுதல் பகுதியைப் புரிந்துகொண்டு கடத்தும் அதே குடும்பத்துச் சுவிட்சாக இருக்க வேண்டும். வேறு கம்பெனியின் மலிவான சுவிட்ச் எல்ஏசிபியைச் சரியாகப் பேசும், ஆனால் இந்தப் பகுதியைக் கடத்தாது. விடுதியின் ஐந்து குடில் சுவிட்சுகளில் மூன்று அந்தக் குடும்பம், இரண்டு வேறு. மூன்றில் ஒன்றாவது அந்த நேரத்தில் மின்சாரத்தோடு இருக்க வேண்டும். ஏற்காட்டு மழைக்காலத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் மூன்று கட்டுகளிலும் `mad enable` போட்டோம். நடுவில் இருப்பதே இன்னொரு ஸ்டாக்காக இருந்தால், இரண்டுக்கும் டொமைன் எண் வேறாக இருப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

இதில் ஒரு பொறி இருந்தது. கையேட்டில் அந்தப் பத்தியைப் படித்திருக்காவிட்டால் மாட்டியிருப்பேன். எல்ஏசிபி முறையில் முதலில் பார்க்கப்படுவது தலைவனின் எண் அல்ல, எந்தப் பாதியில் உறுப்பினர்கள் அதிகம் என்பது. எங்கள் அமைப்பில் கீழே ஒன்று, மேலே இரண்டு. மறுபடி பள்ளம் தோண்டினால் மேல்பாதி ஜெயிக்கும். ஃபயர்வாலும் இணையமும் தொலைபேசி எக்ஸ்சேஞ்சும் இருக்கும் கீழ்ப்பாதி தன் போர்ட்டுகளை எல்லாம் மூடிக்கொள்ளும். அதாவது பாதி விடுதி குழம்புவதற்குப் பதிலாக மொத்த விடுதியும் நின்றுபோயிருக்கும். எண்ணிக்கை சமமாக இருந்தால்தான் சிறிய எண் பார்க்கப்படுகிறது. இந்த வரிசை மென்பொருள் வெளியீட்டைப் பொறுத்து மாறும் என்பதால், உங்கள் வெளியீட்டின் கையேட்டில் அந்தப் பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இரண்டு முறைகளையும் சேர்த்துப் போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. ஒன்று எண்ணிக்கையைப் பார்க்கிறது, மற்றது எண்ணைப் பார்க்கிறது. ஒன்று மேல்பாதியை மூடச் சொல்ல, மற்றது கீழ்ப்பாதியை மூடச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கையேடும் இந்தச் சேர்க்கையைத் தவிர்க்கச் சொல்கிறது.

மற்ற வழிகள், சுருக்கமாக

ஏஆர்பி செய்திகளை வைத்துக் கண்டறியும் ஒரு முறையும் உண்டு. மற்ற இரண்டையும்விட மெதுவானது. எல்ஏசிபி குடும்பப் பொருத்தமும் இல்லை, தனிக் கம்பியும் இல்லை என்றால்தான் அதற்குப் போவேன். சில அரூபா ஸ்டாக்குகளில் நிர்வாகப் போர்ட் வழியாகக் கண்டறியலாம். ஒரே ரேக்குக்குள் அது அழகாக வேலை செய்யும். இரண்டு கட்டடங்கள் என்றால் அந்த நிர்வாக வலையமைப்பும் அதே பள்ளத்தில்தான் போக வேண்டும்.

ஜூனிபரின் விர்ச்சுவல் சேசிஸ் எதிர்த்திசையிலிருந்து யோசிக்கிறது. பிரிந்தால் எந்தப் பாதிக்கு உரிமை என்பதை உறுப்பினர் கணக்கை வைத்து அதுவே முடிவு செய்யும். இரண்டே உறுப்பினர்கள் இருந்தால் அந்தக் கணக்கு சரியாக வராது. ஒன்று இறந்தால் மற்றதும் சேர்ந்து வேலையை நிறுத்தக்கூடும் என்பதால், அங்கே `set virtual-chassis no-split-detection` போடும்படி அவர்களே பரிந்துரைக்கிறார்கள். சுவிட்ச் இறப்பதற்கு அது நல்ல மருந்து. கேபிள் மட்டும் இறந்தாலோ, இரண்டும் தலைவனாக நிற்கும். இரண்டு சுவிட்ச் ஸ்டாக்கில் எது நடக்க வாய்ப்பு அதிகம் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். சிஸ்கோவின் ஸ்டாக்வைஸ் விர்ச்சுவலில், 9500 போன்ற பெரிய வகைகளில், இரட்டைத் தலைமை கண்டறிதலுக்குத் தனிக் கம்பி கொடுக்க முடியும்; தத்துவத்தில் அது மேலே சொன்ன வழி இரண்டுதான்.

ஸ்டாக்கே வேண்டாம் என்பதும் ஒரு வழி. இரண்டு தனி சுவிட்சுகள், தனித்தனி முகவரி, தனித்தனி கான்ஃபிகரேஷன், பொதுவான நுழைவாயில் முகவரியை இரண்டில் ஒன்று மட்டும் ஏற்கும்படி நடுவில் விஆர்ஆர்பி. அதிலும் இடையிணைப்பு அறுந்தால் இரண்டும் நுழைவாயில் தலைமையைக் கோரும் ஆபத்து இருக்கிறது. ஆனால் இரண்டு பெட்டிகளுக்கும் சொந்த நிர்வாக முகவரி இருப்பதால், சேலத்தில் உட்கார்ந்து பிங் செய்பவன் ஏமாற மாட்டான். ஒன்று பதில் சொல்லும், மற்றது சொல்லாது. ஒவ்வொரு மாற்றத்தையும் இரண்டு இடத்தில் எழுத வேண்டும் என்பது அதற்கான விலை. புதிதாக வாங்குவதாக இருந்தால், இரண்டு கட்டடங்களுக்கு இடையில் நான் இதைத்தான் சொல்வேன். ஸ்டாக் ஒரே ரேக்குக்கு ஏற்ற பொருள். மலைச்சரிவில் இழுத்து நீட்டியது என் ஆசை.

எதை எடுத்தோம்

வாங்கிய சுவிட்சுகளைத் தூக்கிப்போட முடியாது. எல்ஏசிபி முறையை எடுத்தோம், ஆனால் முதலில் மூன்றாம் சுவிட்சை ஸ்டாக்கிலிருந்து வெளியே எடுத்தோம். அது ஸ்டாக்கில் இருந்ததற்கு ஒரே காரணம், மேல்கட்டடத்தில் போர்ட் பற்றாக்குறை. சாதாரணச் சுவிட்சாக இரண்டாம் எண்ணின் கீழே தொங்கவிட்டாலும் அதே போர்ட்டுகள் கிடைக்கும். இப்போது கீழே ஒன்று, மேலே ஒன்று. பிரிந்தால் எண்ணிக்கை சமம், சிறிய எண் கீழே, ஃபயர்வாலும் கீழே. டிஎச்சிபியையும் ஸ்டாக்கிலிருந்து எடுத்து ஃபயர்வாலுக்கு மாற்றினோம். இனி ஸ்டாக் எத்தனை துண்டானாலும் முகவரிகளைக் கொடுப்பது ஒரே ஆள். கண்டறிதல் தோற்றாலும் இந்த ஒரு மாற்றம் விருந்தினர்களை முகவரி மோதலிலிருந்து காப்பாற்றும் என்பதால், எம்ஏடியைவிட இதைத்தான் முதலில் செய்தேன்.

மேலாளருக்கு ஒரு விஷயத்தைப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிரிவு ஏற்பட்டால் மேல்கட்டடச் சுவிட்ச் வேண்டுமென்றே தன்னை மூடிக்கொள்ளும். குடில்கள் கீழ்க்கம்பி வழியாகத் தொடரும். மேல்கட்டடத்தில் நேரடியாகச் செருகியிருக்கும் கேமராக்களும் அறைகளும் இருண்டுவிடும். "நல்லாயிருக்கிற சுவிட்சை ஏன் சார் அணைக்க வேண்டும்?" என்று இரண்டு முறை கேட்டார். அந்த மாலையில் உணவகத்தில் வரிசையாக நின்ற ஆட்களை நினைவுபடுத்திய பிறகு தலையசைத்தார்.

ஒதுங்கிய பாதியைப் பற்றி மலை மேல் இருப்பவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டியிருந்தது. பிரிவுக்குப் பின், நின்றுகொண்டிருக்கும் கீழ்ச்சுவிட்சும் மின்சாரம் போய் இறந்துவிட்டால், மேலே இருப்பது தானாக எழாது. கன்சோல் கேபிளைச் செருகி `mad restore` என்று அடிக்க வேண்டும். ராத்திரியில் பனிமூட்டத்தில் நான் மேலே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடுதியின் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு அதை இரண்டு முறை செய்துகாட்டினேன். கூடவே கெஞ்சியும் சொன்னேன்: கீழ்ச்சுவிட்ச் உயிரோடு இருக்கும்போது இதைச் செய்துவிடாதீர்கள் அண்ணே, இரட்டைத் தலைமையை நம் கையாலேயே திரும்ப உண்டாக்கியது போல் ஆகும்.

சேர்க்கும்போதும் நிதானம் வேண்டும். இரண்டும் தலைவனாக இருக்கும் நிலையில் ஃபைபரை அப்படியே செருகினால், தேர்தலில் தோற்ற பாதி மறுதொடக்கம் செய்து மற்றதோடு சேரும். பிரிந்திருந்தபோது அதில் செய்த மாற்றங்கள் போய்விடும். அந்தச் சனிக்கிழமை நான் மேல்பாதியின் மின்சாரத்தை முதலில் நிறுத்தி, ஃபைபரை ஒட்டி, பிறகு ஏற்றினேன். கீழே இருந்த ஒன்றாம் எண்ணுக்கு முன்னுரிமை 32, உச்சபட்சம். எப்படியும் அதுதான் ஜெயித்திருக்கும். இருந்தாலும் விழா நேரத்தில் தேர்தல் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூலையில் கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை சோதித்துப் பார்த்தோம். ஒரு குடிலில் என் மடிக்கணினி நுழைவாயிலையும் வெளியே ஒரு முகவரியையும் விடாமல் பிங் செய்துகொண்டிருந்தது. கீழ்ச்சுவிட்சில் இரண்டு ஸ்டாக் ஃபைபர்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உருவினேன். முதலாவதை உருவியபோது எதுவும் நடக்கவில்லை. கண்காணிப்பிலிருந்து செய்தி மட்டும் வந்தது. இரண்டாவதை உருவியதும் மூன்று பிங் தவறி, மறுபடி வரத் தொடங்கியது. மேலே நின்ற எலக்ட்ரீஷியன் அண்ணன் தொலைபேசியில் "போர்ட்டு விளக்கெல்லாம் மொத்தமாக அணைந்துவிட்டது" என்றார். குடில் சுவிட்சில் மேல்கம்பி கட்டிலிருந்து கழன்றிருந்தது. ஃபைபரைத் திரும்பச் செருகியதும் மேல்சுவிட்ச் தானே மறுதொடக்கம் செய்து இரண்டாம் எண்ணாக வந்து சேர்ந்தது. வேறு கம்பெனிச் சுவிட்சுகள் இருக்கும் இரண்டு குடில்களிலும் எதுவும் தவறாகத் தெரியவில்லை, ஏனென்றால் மற்ற மூன்றும் கடத்திய செய்தியிலேயே மேல்பாதி மூடிக்கொண்டது. பிறகு அந்த மூன்று குடில்களின் மேல்கம்பிகளையும் உருவி வைத்து, அதே சோதனையைத் திரும்பச் செய்தேன். எதிர்பார்த்தபடியே கண்டறிதல் நடக்கவில்லை. மீதி இரண்டு குடில்களும் குழம்பின. அந்த இரண்டு சுவிட்சுகளையும் மாற்றும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஸ்டாக் ஃபைபருக்கு இரண்டாவது பாதை காப்பிச் செடிகளுக்கு நடுவே போக வேண்டும். மழை விட்டதும் தோண்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பழைய பள்ளத்தின் மேல் மஞ்சள் பட்டை பதித்து, "கீழே ஃபைபர்" என்று ஒரு பலகை நட்டிருக்கிறார்கள்.